ஒரே குழந்தைக்கு 3, 9, 6: பேசத் தெரியாத வயதில் வலியை மதிப்பிடுவது எப்படி?

குழந்தைகள் வார்டுக்கு முதல் முறை போஸ்டிங் வரும் நர்சிங் மாணவர்களைத் திணறடிக்கும் வேலை ஊசி போடுவதோ டிரிப் ஏற்றுவதோ இல்லை. கேஸ் ஷீட்டில் "வலி மதிப்பெண்" என்று இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை நிரப்புவதுதான். நாடித் துடிப்பை எண்ணலாம், காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. வலிக்கு என்ன இருக்கிறது? ஒரு தாளில் அச்சடித்த ஐந்து வரிகள். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே குழந்தையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு எண்ணோடு வந்து நிற்பார்கள்.

பயிற்சிக்காக இப்படி ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் மாதம், நீலகிரியில் ஒரு குழந்தைகள் வார்டு. கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்த 14 மாதப் பெண் குழந்தை. முந்தைய நாள் மாலை, குளிக்க வைத்திருந்த வெந்நீர் வாளியைப் பிடித்து இழுத்ததில் வலது தொடையிலும் முழங்காலிலும் கொட்டிவிட்டது. காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரவில் ஒருமுறை பாராசிட்டமால் கொடுத்ததோடு சரி.

காலை 9.05க்கு முதல் மாணவி பார்த்துவிட்டு 3 என்று எழுதுகிறாள். 9.20க்கு இரண்டாம் மாணவி பார்த்துவிட்டு 9 என்று எழுதுகிறாள். பட்டியல்படி 3 என்றால் லேசான அசௌகரியம், 9 என்றால் கடுமையான வலி. கால் மணி நேரத்தில் குழந்தைக்குப் புதிதாக எதுவும் நடக்கவில்லை. இருவரும் அளவுகோலைத் தப்பாகப் படிக்கவும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

## அளவுகோல் அளப்பது எதை?

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது, நரம்பு முற்றவில்லை என்ற எண்ணம் 1980கள் வரை மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யும்போதுகூட மயக்க மருந்தை மிகக் குறைவாகக் கொடுத்த காலம் அது. 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. இதயத்தருகே மூடாமல் இருக்கும் ரத்தக்குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில், வலுவான வலி நீக்கியான ஃபென்டனில் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக இருந்தன. பின்விளைவுகளும் குறைவு. வாய் திறந்து சொல்லாவிட்டாலும் உடல் வலியைக் கணக்கு வைத்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

வலி என்பது அவரவர் உள்ளே உணர்வது. அதை நேராக அளக்க இன்றைக்கும் கருவி கிடையாது. நமக்கு இருப்பவை மூன்று சுற்றுவழிகள்: குழந்தையே சொல்வது, குழந்தை நடந்துகொள்வதைப் பார்ப்பது, நாடித் துடிப்பு, ஆக்சிஜன் அளவு போன்ற உடல் மாற்றங்களைப் பார்ப்பது. எந்த வழி என்பதைப் பெரும்பாலும் வயது முடிவு செய்கிறது.

1. பிறந்த சில வாரங்கள் வரை நிப்ஸ் என்ற அளவுகோல். குறைமாதக் குழந்தை என்றால் பிப் என்ற அளவுகோல்.
2. 2 மாதம் முதல் 7 வயது வரை ஃப்ளாக் என்ற அளவுகோல்.
3. 4 வயதிலிருந்து, குழந்தைக்குப் புரிந்தால், முகப்படங்களைக் காட்டிக் குழந்தையிடமே கேட்பது.

இரண்டாவதும் மூன்றாவதும் 4 வயதுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். அந்தச் சிக்கலுக்குப் பின்னால் வருவோம். நம் 14 மாதக் குழந்தைக்கு உரியது ஃப்ளாக்.

## ஃப்ளாக்: ஐந்து வரிகள், பத்து மதிப்பெண்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா மெர்க்கலும் டெரி வோப்பல்-லூயிஸும் மற்றவர்களும் உருவாக்கி 1997இல் வெளியிட்ட அளவுகோல் இது. முகம், கால், உடலசைவு, அழுகை, தேறுதல் என்ற ஐந்துக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் பெயர். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2.

1. முகம். இயல்பாக அல்லது சிரித்தபடி இருந்தால் 0. அவ்வப்போது முகம் சுளித்தாலோ, புருவம் நெரித்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிக் கிடந்தாலோ 1. தாடை நடுங்குவதும் பல்லைக் கடிப்பதும் அடிக்கடி அல்லது விடாமல் இருந்தால் 2.
2. கால். தளர்வாக, வழக்கமான நிலையில் இருந்தால் 0. நிலைகொள்ளாமல் அல்லது இறுக்கமாக இருந்தால் 1. உதைத்தாலோ, வயிற்றோடு மடக்கி வைத்திருந்தாலோ 2.
3. உடலசைவு. அமைதியாகப் படுத்து, எளிதாக அசைந்தால் 0. நெளிந்துகொண்டோ, முன்னும் பின்னும் புரண்டுகொண்டோ, இறுகியோ இருந்தால் 1. வில்லாக வளைந்தாலோ, விறைத்தாலோ, வெட்டி வெட்டி இழுத்தாலோ 2.
4. அழுகை. இல்லையென்றால் 0. முனகல், சிணுங்கல் என்றால் 1. விடாத அழுகை, வீறிடல், தேம்பல் என்றால் 2.
5. தேறுதல். தானாகவே நிம்மதியாக இருந்தால் 0. தொட்டு, அணைத்து, பேச்சுக் கொடுத்தால் அடங்கினால் 1. எது செய்தும் அடங்கவில்லை என்றால் 2.

கூட்டுத்தொகை 0 என்றால் நிம்மதி. 1 முதல் 3 வரை லேசான அசௌகரியம், 4 முதல் 6 வரை மிதமான வலி, 7 முதல் 10 வரை கடுமையான வலி.

முதல் வரியில் "ஒதுங்கிக் கிடந்தால் 1" என்பதை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அழாமல், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், நீட்டிய கிலுகிலுப்பையைக்கூடப் பார்க்காமல் கிடக்கும் குழந்தையை "நல்ல பிள்ளை, சமத்தா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவது வார்டுகளில் பழகிப்போன பிழை. விளையாடும் வயதுக் குழந்தை விளையாடாமல் கிடப்பதே ஒரு செய்தி.

மிக முக்கியமானது கடைசி வரி. மற்ற நான்கையும் தள்ளி நின்று பார்த்து எழுதிவிடலாம். தேறுதலை அப்படி எழுத முடியாது. குழந்தை அழுதால் யாராவது தேற்றிப் பார்த்திருக்க வேண்டும். தேற்றவே இல்லை என்றால் அந்த வரிக்கு விடை கிடையாது. 0 போட்டாலும் பிழை, 2 போட்டாலும் பிழை.

## எப்படிப் பார்ப்பது?

ஃப்ளாக் தாளோடு பார்வை முறைக்கும் விதிகள் உண்டு. பல இடங்களில் ஐந்து வரிகளை மட்டும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டுவதால் இந்த விதிகள் காணாமல் போய்விடுகின்றன.

1. விழித்திருக்கும் குழந்தையைக் குறைந்தது 1 முதல் 2 நிமிடம் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு நீளம் என்று.
2. தூங்கும் குழந்தையை 5 நிமிடமாவது பார்க்க வேண்டும்.
3. கால்களும் உடலும் மூடாமல் இருக்க வேண்டும்.
4. குழந்தையை நிலை மாற்றிப் படுக்க வைத்தோ, அசைவதைப் பார்த்தோ உடலின் இறுக்கத்தைக் கவனிக்க வேண்டும்.
5. தேவைப்பட்டால் தேற்றிப் பார்க்க வேண்டும்.

மலையில் இடறுவது மூன்றாவது விதி. சமவெளியில் குழந்தையின் காலைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் பனி உறையும் விடியலில், குழந்தை ஸ்வெட்டர், சாக்ஸ், அதன்மேல் கம்பளி, தலையில் புருவம் வரை இழுத்துவிட்ட குல்லா என்று ஒரு பொட்டலமாக இருக்கும். புருவம் தெரியாது, கால் தெரியாது. ஐந்தில் இரண்டு வரிகள் மறைந்துவிடுகின்றன. குளிர் தாங்காது என்று சுற்றி வைத்த தாயைக் குறை சொல்ல முடியாது. சட்டென்று அவிழ்த்தால் குழந்தை குளிரில் வீறிடும், காலை மடக்கும், நடுங்கும். அளவுகோலோ அதையெல்லாம் வலியாக எண்ணிக்கொள்ளும்.

## அந்த மூன்று எண்கள்

முதல் மாணவி, 9.05. குழந்தை அம்மா மடியில், கம்பளிக்குள். அம்மா மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வப்போது முகம் சுளிக்கிறது: 1. கால் தெரியவில்லை, எழுதியது 0. உடல் அசையவில்லை, எழுதியது 0. சிணுங்கல்: 1. தட்டிக்கொடுத்தால் அடங்குகிறது: 1. மொத்தம் 3.

பார்க்காததைப் பூஜ்யம் என்று எழுதியதுதான் இதில் பிழை. "தெரியவில்லை" வேறு, "இல்லை" வேறு. கம்பளிக்குள் கால் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. உடல் அசையாமல் இருந்தது கம்பளியின் இறுக்கத்தாலா, வலிக்குமென்று குழந்தை தானே அசையாமல் இருந்ததாலா என்பதும் தெரியாது.

இரண்டாம் மாணவி, 9.20. விதியைப் படித்தவள். "அக்கா, கொஞ்சம் கட்டில்ல படுக்க வைங்க, பாக்கணும்" என்று குழந்தையை வாங்கி, கம்பளியை அவிழ்த்து, அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள். தாடை நடுங்கிக்கொண்டே இருக்கிறது: 2. இரண்டு கால்களும் மடங்கியிருக்கின்றன: 2. நெளிகிறது: 1. விடாத அழுகை: 2. அடங்கவில்லை: 2. மொத்தம் 9.

இங்கே எல்லாம் பார்த்தே எழுதப்பட்டது. ஆனால் பார்த்தது எதை? குளிர், தெரியாத முகம், அம்மா கையில்லாத கட்டில், இவற்றோடு வலி. நான்கும் ஒரே எண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. தேறுதலுக்கு 2 போட்டதும் நியாயமில்லை, தேற்றக்கூடியவளைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகு.

மூன்றாவது முறை, 9.40. குழந்தை பழையபடி அம்மா மடியில் அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். கம்பளி மேலுடம்பில் மட்டும், குல்லாவைப் புருவத்துக்கு மேலே ஏற்றியாயிற்று. அம்மா வழக்கம்போலக் கையில் வைத்திருக்க, மாணவி நாலு அடி தள்ளி, நேராக உற்றுப் பார்க்காமல், இரண்டு நிமிடம் நின்றாள்.

புருவம் அவ்வப்போது நெரிகிறது, நீட்டிய பொம்மையைப் பார்க்கவில்லை: 1. இடது கால் தளர்வாகத் தொங்குகிறது, வலது கால் இரண்டு நிமிடமும் வயிற்றோடு மடங்கியே இருக்கிறது: 2. உடல் இறுக்கம், இடையிடையே நெளிவு: 1. சிணுங்கல்: 1. தட்டினால் அடங்கி, நிறுத்தினால் மறுபடி தொடங்குகிறது: 1. மொத்தம் 6. மிதமான வலி, அதிலும் மேல் விளிம்பு.

9.20க்கு இரண்டு கால்களும் மடங்கியிருந்தன. 9.40க்கு காயம்பட்ட கால் மட்டும். குளிரும் பயமும் உடம்பு முழுவதையும் சுருட்டும். காயத்தின் வலி காயமுள்ள பக்கத்தைக் காக்கும். அளவுகோலில் இதற்குத் தனி வரி கிடையாது. இரண்டு நிலைக்கும் அதே 2தான். அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: "அம்மா மடியில், கால் திறந்து, வலது கால் மட்டும் மடக்கியபடி."

டாக்டரிடம் சொல்லி, எடைக்கேற்பப் பாராசிட்டமால் சிரப் கொடுக்கப்பட்டது. வாய்வழி மருந்து என்பதால் ஒரு மணி நேரம் கழித்து, அதே மடி, அதே தூரம், அதே இரண்டு நிமிடம். முகம் 0, கால் நீண்டிருக்கிறது ஆனால் இறுக்கம் 1, மற்ற மூன்றும் 0. மொத்தம் 1. பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

6 என்ற எண் தனியாக ஒன்றும் சொல்லிவிடாது. பக்கத்துக் கட்டில் குழந்தையின் 6ம் இந்த 6ம் ஒரே அளவு வலி என்றும் ஆகாது. ஒரே குழந்தையை ஒரே முறையில் பார்த்து, 6 எப்படி 1 ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பார்க்கும் முறை மாறினால் அந்த ஒப்பீடும் போய்விடும்.

## கட்டு மாற்றும்போது

அன்று பதினொன்றரை மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும். இங்கே ஃப்ளாக்கின் எல்லை தெரியும். அது முதலில் அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலிக்காகச் செய்யப்பட்டது. ஊசி, கட்டு மாற்றுதல் போன்ற சில நிமிட வலிக்கு அதை எல்லாரும் பயன்படுத்துகிறோம். ஆனால் 2015இல் இந்த அளவுகோலைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், அந்த உபயோகத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். காரணம் எளிது. பயந்த குழந்தையும் வலிக்கும் குழந்தையும் ஒரே மாதிரி அழும், ஒரே மாதிரி உதைக்கும்.

முழுத் தீர்வு இல்லை. ஆனால் ஒரு எண்ணுக்குப் பதில் நான்கு எண்கள் எடுத்தால் நிறையத் தெரியும்.

1. தட்டு வருவதற்கு முன்: 1
2. தட்டோடு சிஸ்டர் வந்து, காலைப் பிடித்தபின், காயத்தைத் தொடும் முன்: 6
3. ஒட்டியிருந்த கட்டைப் பிரிக்கும்போது: 9
4. முடிந்து 10 நிமிடம் கழித்து, அம்மா மடியில்: 2

தொடுவதற்கு முன்பே 6 வந்துவிட்டது. அதில் பெரும்பகுதி பயம், பிடித்து வைத்த எரிச்சல். அப்படியானால் 9இலிருந்து 6ஐக் கழித்தால் வலி 3தானே என்று சில மாணவர்கள் கேட்பார்கள். அப்படிக் கழிக்க முடியாது. அளவுகோல் 10இல் முடிகிறது. 6இல் இருக்கும் குழந்தைக்கு ஏற இடமே நாலு படிதான். இந்த நான்கு எண்களை வைத்துச் செய்ய வேண்டியது வேறு. 2ஆவது எண் உயரமாக இருந்தால் பிடிக்கும் முறையை மாற்ற வேண்டும்: படுக்க வைத்து அமுக்காமல் அம்மா மடியில் உட்காரவைத்து, கட்டை நன்றாக நனைத்து ஊறவிட்டு. 3ஆவது எண் உயரமாக இருந்தால் அடுத்த கட்டுக்கு முன் வலுவான வலி நீக்கி வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். 4ஆவது எண் இறங்காமல் நின்றால் காயத்தையே மறுபடி பார்க்க வேண்டும்.

## பிறந்த குழந்தைக்கு: நிப்ஸ்

2 மாதத்துக்குக் கீழே ஃப்ளாக் பொருந்தாது. கனடாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உருவாகி 1993இல் வெளிவந்த நிப்ஸ் அங்கே கைகொடுக்கும். ஆறு வரிகள்: முகம், அழுகை, மூச்சு, கைகள், கால்கள், விழிப்பு நிலை. அழுகைக்கு மட்டும் 0 முதல் 2 வரை. மற்றவற்றுக்கு 0 அல்லது 1. மொத்தம் 7. மூன்றுக்கு மேல் போனால் வலி என்று கொள்கிறார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. கை, கால் வரிகளில் "தளர்வாக அல்லது கட்டுப்படுத்தப்பட்டு" இருந்தால் 0 என்றே இருக்கிறது. துணியில் சுற்றிய குழந்தைக்கு இந்த இரண்டு வரியும் 0 ஆகிவிடும். 7இல் முடியும் அளவுகோல் அங்கே 5இலேயே முடிந்துவிடும். ஆகவே சுற்றிய நிலையில் வந்த 3ஐ "வலி இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள்.

குறைமாதக் குழந்தைகளிடம் சிக்கல் இன்னும் ஆழமானது. அழவும் முகம் சுளிக்கவும் தெம்பு வேண்டும், 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது இல்லை. பிப் அளவுகோல் இதைக் கணக்கில் எடுக்கிறது. குழந்தை எவ்வளவு முன்னதாகப் பிறந்ததோ அவ்வளவு கூடுதல் மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. அதே பிப்பில் ஆக்சிஜன் அளவும் ஒரு வரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் குழந்தையின் எண்ணை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நல்ல வேளையாக, பிப் கேட்பது எண்ணை அல்ல, ஊசி குத்துவதற்கு முன் இருந்ததிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதை. முன்னால் குறித்து வைக்காவிட்டால் கணக்கே இல்லை.

தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏற்றிய குழந்தைக்கு இந்த நடத்தை அளவுகோல் எதுவும் உதவாது. அசைய முடியாத குழந்தைக்கு 0 வரும். அந்த 0க்கு எந்தப் பொருளும் கிடையாது.

## குழந்தையே சொல்லும் வயது

4 வயதிலிருந்து முகப்படங்களைக் காட்டிக் கேட்கலாம். ஆறு முகங்கள் உள்ள திருத்தப்பட்ட வலி முக அளவுகோல் 2001இல் வந்தது. இடமிருந்து 0, 2, 4, 6, 8, 10. முதல் முகம் சிரிக்காது, கடைசி முகத்தில் கண்ணீர் இருக்காது. சிரித்த முகத்தில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் வேறொரு படம் இன்னும் பிரபலமானது. ஆனால் அதைக் காட்டினால் குழந்தை "நான் சோகமா இருக்கேன்" என்று அழும் முகத்தைத் தொட்டுவிடும். அம்மா வெளியே போயிருந்தாலும் அதே முகம்தான். கேட்டது வலி, கிடைத்தது மனநிலை.

கேட்கும் சொல்லும் கவனிக்க வேண்டியது. "வலிக்குதா?" என்பது எல்லாக் குழந்தைக்கும் புரிகிற சொல் இல்லை. வீட்டில் "உவ்வா" என்பார்கள், "நோவுது" என்பார்கள். நீலகிரியில் இதோடு படுகர் மொழி, மலையாளம், கன்னடம், கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் மொழி என்று பேச்சே மாறும். கூட வந்த அம்மாவிடமோ பாட்டியிடமோ "அடிபட்டா உங்க வீட்ல என்ன சொல்லும்?" என்று முதலில் கேட்டு, அந்தச் சொல்லைக் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். இரவு ஷிப்டில் வருபவருக்கும் அது வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சின்னக் குழந்தைகள் முதல் முகத்தையோ கடைசி முகத்தையோதான் தொடும், நடுவில் இருப்பவை அவர்களுக்கு வேறுபடுவதில்லை. ஊசிக்குப் பயந்து "இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு.

## பயிற்சிகள்

விடையை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

பயிற்சி 1. பிறந்து மூன்றாம் நாள், நிறைமாதக் குழந்தை. ரத்தப் பரிசோதனைக்குக் குதிகாலில் குத்துகிறார்கள். முகம் சுருங்குகிறது, வீறிட்டு அழுகிறது, மூச்சு தாறுமாறாகிறது, கைகள் விறைத்து மடங்குகின்றன, பிடிக்காத கால் நீண்டு விறைக்கிறது, உடம்பு பரபரக்கிறது. மூன்று நிமிடம் கழித்து அம்மாவின் மார்பில்: முகம் தளர்ந்திருக்கிறது, லேசான சிணுங்கல், மூச்சு சீர், கை கால் தளர்வு, இன்னும் பரபரப்பு அடங்கவில்லை.

விடை: குத்தும்போது நிப்ஸ் 1+2+1+1+1+1, மொத்தம் 7. பிறகு அழுகை 1, விழிப்பு நிலை 1, மொத்தம் 2. குத்தும் முன்பே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியிருந்தால் முதல் எண்ணே குறைந்திருக்க வாய்ப்புண்டு.

பயிற்சி 2. 3 வயது, குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து 4 மணி நேரம். தூங்குகிறான். எட்டிப் பார்த்த மாணவர் 0 எழுதிவிட்டார். 5 நிமிடம் நின்று பார்த்தால்: இரண்டு முறை புருவம் நெரிகிறது, கால் தளர்வு, உடல் அமைதி, ஒருமுறை முனகல், உடனே தானாக அடங்குகிறான்.

விடை: முகம் 1, அழுகை 1, மற்றவை 0. ஃப்ளாக் 2. தூக்கம் என்பது 0 அல்ல. அழுது களைத்தும் குழந்தை தூங்கும். இந்த 2க்காக எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் எழுந்ததும் முதல் வேலையாக மறுபடி பார்க்க வேண்டும், அவன் எழுந்து நடக்க முயலும்போது.

பயிற்சி 3. 5 வயது, முன்கை எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டாயிற்று. மாமாவின் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃப்ளாக் 0. முகப்படத்தைக் காட்டினால் 6 மதிப்பெண் உள்ள முகத்தைத் தொடுகிறாள். மாமா சொல்கிறார்: "சும்மா சொல்றா சிஸ்டர், இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்தா."

விடை: இரண்டையும் எழுதுங்கள், ஆனால் மருந்தை முடிவு செய்வது அவள் சொன்ன 6. கேட்டது புரிந்து குழந்தை பதில் சொன்னால் அதற்குத்தான் முதலிடம். கவனம் வேறு பக்கம் போனால் வலி முகத்தில் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது: ஃப்ளாக்கில் காலுக்கு வரி உண்டு, கைக்கு இல்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அளவுகோல் அதைக் கவனிக்காது, நாம்தான் கவனிக்க வேண்டும்.

பயிற்சி 4. 6 வயது, பெருமூளை வாதம், பேச்சில்லை. கால்கள் எப்போதும் விறைப்பாக இருக்கும். பல் எடுத்த மறுநாள் ஃப்ளாக் பார்க்கிறார்கள்: முகம் 0, கால் 2, உடலசைவு 1, அழுகை 0, தேறுதல் 0, மொத்தம் 3. அம்மாவிடம் கேட்டபோது, "காலு எப்பவுமே இப்படித்தான் சிஸ்டர். ஆனா காலைலேருந்து மூச்சைப் புடிச்சுப் புடிச்சு விடறான். வலிச்சா மட்டும்தான் அப்படிச் செய்வான்" என்கிறார்.

விடை: இந்த 3ல் வலியே இல்லாமல் இருக்கலாம். கால் விறைப்பும் உடல் இறுக்கமும் அவனுக்கு அன்றாடம். அதே சமயம் அந்த 3க்குள் அடங்காத வலியும் இருக்கலாம். மூச்சைப் பிடிப்பது மூல ஃப்ளாக்கில் எங்கேயும் கிடையாது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே 2006இல் ஃப்ளாக்கைத் திருத்தினார்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தக் குழந்தைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோரிடம் கேட்டுச் சேர்த்து எழுத அதில் இடம் உண்டு. பல் எடுப்பதற்கு முன்பே, அட்மிஷன் போடும்போதே, அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டிய வரி அது. இப்போது கேட்டாயிற்று, எழுதிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.